ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிகிறதா: ஒரு மாநாட்டுப் போஸ்டரை அச்சுக்கு முன் சோதித்த பதிவு

சோதனைக்கு எடுத்தது ஏ0 அளவில் நெடுக்காக அமைந்த ஓர் ஆங்கிலப் போஸ்டர். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத் தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீரில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தேங்காய் ஓட்டுக் கரியால் நீக்குவது அதன் பொருள். மாநாடு சென்னையில்தான், ஒட்டப்போகும் பலகை 6 அடி உயரம். பவர்பாயிண்டில் செய்து பி.டி.எஃப். ஆக்கியிருந்தார்கள். வேதியியலில் குறையில்லை. பார்க்க வேண்டியவை மூன்று: படங்களில் உள்ள எழுத்தும் எண்ணும் தெரிகிறதா, கண் சரியான வரிசையில் போகிறதா, நின்றபடி படித்து முடிக்கும் அளவுக்குத்தான் எழுத்து இருக்கிறதா.

இந்த மூன்றையும் கணினித் திரையில் சோதிக்க முடியாது. திரையில் படம் சிறியதாகத் தெரிந்தால் கை தானாகப் பெரிதாக்கிப் பார்த்துவிடும். பலகை முன் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. முன்னால் இரண்டு பேர் நின்றால் கிட்டப் போகவும் வழியில்லை. அதனால் முதலில் தூரத்தை முடிவு செய்தோம். தலைப்பு 4 மீட்டரில் படிக்கப்பட வேண்டும், ஏனென்றால் நடந்து போகிறவர் நிற்பதா வேண்டாமா என்று அங்கிருந்துதான் முடிவு செய்கிறார். மற்ற எல்லாமே, வரைபட அச்சின் எண்கள் உட்பட, 1.5 மீட்டரில் படிக்கப்பட வேண்டும்.

தூரத்தை எழுத்தளவாக மாற்ற ஒரே ஒரு எண் போதும். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துக்கு, மேலும் கீழும் நீளும் கொம்புகளை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் உடலின் உயரம் கண்ணில் சுமார் 0.2 பாகைக் கோணம் பிடித்தால், நல்ல பார்வை உள்ளவர் தடங்கலின்றிப் படிப்பார். அதற்குக் குறைந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், ஆனால் வேகம் விழும். 0.2 பாகை என்பது ஒரு மீட்டர் தூரத்துக்கு 3.5 மி.மீ. அப்படியானால் 1.5 மீட்டருக்கு 5.2 மி.மீ., 4 மீட்டருக்கு 14 மி.மீ. பெரிய எழுத்துகளும் எண்களும் இயல்பாகவே உயரமானவை. அவற்றுக்கு மீட்டருக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டோம். 1.5 மீட்டரில் அது 7.5 மி.மீ.; 7-க்குக் கீழே போகக் கூடாது.

பாயின்ட் எண்ணை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு பாயின்ட் 0.353 மி.மீ. என்பது எல்லா எழுத்துருவுக்கும் பொது. ஆனால் அதில் உடலுயரத்துக்குக் கிடைக்கும் பங்கு ஏரியலில் 52 சதவீதம், காலிப்ரியில் 47, டைம்ஸ் நியூ ரோமனில் 45. ஆகவே 5.2 மி.மீ. வேண்டுமென்றால் ஏரியலில் ஏறத்தாழ 29 பாயின்ட், காலிப்ரியில் 32, டைம்ஸில் 33. "24 பாயின்ட் இருந்தால் போதும்" என்று கைமாறி வரும் அறிவுரை எழுத்துருவையும் சொல்வதில்லை, தூரத்தையும் சொல்வதில்லை.

எழுத்தளவை நம்புவதற்கு முன் பக்கத்தின் அளவைப் பார்க்க வேண்டும். பவர்பாயிண்டில் வழக்கமான அகலத் திரை அளவிலேயே போஸ்டரைச் செய்துவிட்டு, அச்சுக்கடையில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் உண்டு. அப்போது கோப்பில் தெரியும் பாயின்ட் எதுவும் உண்மையான பாயின்ட் அல்ல. இந்தக் கட்டளைகளில் அது தெரிந்துவிடும்:

```
pdfinfo poster.pdf
pdffonts poster.pdf
pdftotext poster.pdf - | wc -w
```

முதல் வரிக்கு வந்த விடையில் பக்க அளவு 2384 × 3370 பாயின்ட் என்று இருந்தது. அது 841 × 1189 மி.மீ., சரியான ஏ0. இரண்டாவது, எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கின்றனவா என்பதற்கு. `emb` என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் `yes` வர வேண்டும். மூன்றாவது சொற்களை எண்ணும். விடை 1150. அதைப் பற்றிப் பிறகு.

ஏ4 தாளில் கால்பங்கு சோதனை

ஏ0 தாளின் நீள அகலம் ஏ4 தாளைப் போல நான்கு மடங்கு. அதனால் போஸ்டரைப் பக்கத்துக்குப் பொருத்தி ஒரு ஏ4 தாளில் அச்சடித்து, நான்கில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்தால், கண்ணுக்கு அது அசல் தூரத்தில் அசல் போஸ்டர்தான். 1.5 மீட்டருக்கு 37.5 செ.மீ. இதில் எல்லோரும் செய்யும் தவறு, தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவது. 25 செ.மீ. தூரத்தில் படித்தால் அது ஒரு மீட்டர் சோதனை ஆகிவிடும். 37.5 செ.மீ. நீளத்துக்கு நூல் ஒன்றை வெட்டி, ஒரு முனையைத் தாளில் ஒட்டி, மறுமுனையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்ற முடியாது. லேசர் அச்சாக இருக்கட்டும். இங்க்ஜெட்டில் சாதாரணத் தாளில் மை பரவி, சிறிய எழுத்தின் மீது இல்லாத பழியைச் சுமத்தும். நாற்பது வயது தாண்டியவர்கள் இந்தச் சோதனைக்குப் படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கிட்டத்தில் குவியாத கண், போஸ்டரின் குறையையும் தன் குறையையும் கலந்துவிடும்.

படித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பிளாஸ்டிக் அளவுகோலும் கைலென்சும் வைத்து ஏ4 தாளிலேயே அளந்து நான்கால் பெருக்கினோம். உரைப் பகுதி டைம்ஸில் 24 பாயின்ட்: உடலுயரம் 3.8 மி.மீ., அதாவது 1.1 மீட்டர் வரைதான் தாங்கும். தலைப்பு 60 பாயின்ட்: 9.5 மி.மீ., 2.7 மீட்டர் வரை. இரண்டும் குறைவு, ஆனால் திருத்துவது சுலபம். படங்கள்தான் உண்மையான சிக்கல்.

சமவெப்பக் கோடுகளின் படத்தில் அச்சு எண்கள் ஏ4 தாளில் அரை மி.மீ. உயரம். அசலில் 2 மி.மீ. அதைப் படிக்க 40 செ.மீ. தூரத்துக்குப் போக வேண்டும். போஸ்டர் முன் அவ்வளவு கிட்டே நிற்பவர் மற்ற எல்லோருக்கும் மறைப்பார். இந்த 2 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டோம். படம் பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் 12 அங்குல அகலத்தில், அதன் இயல்பான 10 பாயின்ட் எழுத்தில் வரையப்பட்டது. 12 அங்குலம் 30.5 செ.மீ.; போஸ்டரில் அதற்குக் கிடைத்த இடம் 24 செ.மீ. ஆக, படம் சுருங்கியபோது எழுத்தும் 8 பாயின்டுக்குச் சுருங்கியது. போஸ்டர் பெரியது, எனவே படமும் பெரிதாகத்தான் ஆகியிருக்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. அகலமான இரட்டைப் படங்கள் போஸ்டரின் பத்திக்குள் பெரும்பாலும் சுருங்கித்தான் நுழைகின்றன.

எழுத்தை மட்டும் பெரிதாக்கியபோது இரண்டு கட்டங்களிலும் எண்கள் ஒன்றோடொன்று முட்டின. அப்போதுதான் அந்தப் படம் எதற்கு என்ற கேள்வி வந்தது. இடப்பக்கம் லாங்மியூர் சமன்பாட்டின் நேர்கோட்டு வடிவம், வலப்பக்கம் பிராயின்ட்லிச். இரண்டுக்கும் வெவ்வேறு அச்சுகள். எது பொருந்துகிறது என்று ஒப்பிடப் பார்ப்பவர் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் சமநிலைச் செறிவு Ce கிடை அச்சிலும், ஒரு கிராம் கரி பிடித்துக்கொண்ட அளவு qe நெடு அச்சிலும் இருக்கும் ஒரே வரைபடத்தில், சோதனைப் புள்ளிகளின் மேல் இரண்டு வளைகோடுகளையும் போட்டால், எது புள்ளிகளோடு ஒட்டிப் போகிறது என்பது 3 மீட்டரிலேயே தெரிகிறது. இப்படித்தான் மாற்றினோம். வரையும்போதே போஸ்டரில் இருக்கப்போகும் அகலத்தைக் கொடுத்துவிட வேண்டும்; 24 செ.மீ. என்பது 9.45 அங்குலம்:

```python
plt.rcParams.update({"font.size": 28,
                     "lines.linewidth": 4,
                     "lines.markersize": 14})
fig, ax = plt.subplots(figsize=(9.45, 7.1),
                       layout="constrained")
# புள்ளிகளும் வளைகோடுகளும் இங்கே
ax.locator_params(nbins=5)
fig.savefig("isotherm.pdf")
```

`bbox_inches="tight"` என்பதைச் சேர்க்கக் கூடாது. அது ஓரத்தை வெட்டிப் படத்தின் அகலத்தை மாற்றிவிடும். போஸ்டரில் 24 செ.மீ.க்கு இழுக்கும்போது 28 பாயின்ட் வேறொன்றாகிவிடும். அச்சில் ஐந்தாறு எண்களுக்கு மேல் தேவையில்லை. மூலையில் இருந்த குறி விளக்கப் பெட்டியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வளைகோட்டின் முனையிலும் அதன் பெயரை அதே நிறத்தில் எழுதினோம். தூரத்திலிருந்து பார்ப்பவர் கோட்டுக்கும் பெட்டிக்கும் இடையே கண்ணை ஓட்டி நிறத்தைப் பொருத்துவது கடினம். மெல்லிய கோட்டில் நிறமே சரியாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோட்டை எந்தத் தடிமனிலும் நம்பக் கூடாது.

மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் வேறு வகைக் கோளாறு. படத்தின் அடியில் கருவியே போட்டுக்கொடுக்கும் கறுப்புப் பட்டையில் மின்னழுத்தம், உருப்பெருக்கம், அளவுக்கோடு எல்லாம் இருந்தன; ஒன்றும் தெரியவில்லை. பட்டையை வெட்டிவிட்டு, படத்தின் மூலையில் வெள்ளை அளவுக்கோடு ஒன்றைத் தடித்து வரைந்து, அதன் மேல் மைக்ரோமீட்டர் அளவை 30 பாயின்டில் எழுதினோம். வெட்டுவதற்கு முன் பழைய கோட்டின் நீளத்தைப் படப்புள்ளிகளில் எண்ணிக்கொள்வது அவசியம். உருப்பெருக்க எண்ணைத் திரும்ப எழுதவில்லை. "5000 மடங்கு" என்பது கருவி கணக்கில் வைத்திருந்த அளவில் படம் இருக்கும்போது மட்டுமே உண்மை; போஸ்டருக்காக இழுத்த பிறகு அது பொய். அளவுக்கோடு படத்தோடு சேர்ந்து நீள்வதால் எந்த அளவிலும் உண்மையாக இருக்கும்.

ஒளிப்படத்தின் தெளிவு பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. `pdfimages -list poster.pdf` கொடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று `x-ppi` பத்தியில் வரும். 150 இருந்தால் 60 செ.மீ.க்குக் கிட்டே போகாதவரை கண்ணுக்குப் புள்ளி தெரியாது. இதில் எல்லாமே 160-க்கு மேல் இருந்தன.

கண் போகும் வழி

போஸ்டரில் மூன்று பத்திகள். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகப் படித்து அடுத்த பத்திக்குப் போக வேண்டும் என்பது செய்தவர்களின் எண்ணம். வேறு துறை மாணவர் ஒருவரிடம் ஏ4 பிரதியையும் பேனாவையும் கொடுத்து, எந்தப் பெட்டிக்குப் பிறகு எந்தப் பெட்டியைப் பார்க்கிறாரோ அந்த வரிசையில் எண் போடச் சொன்னோம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். முன்னுரைக்கு 1 போட்டவர், 2-ஐ நடுப் பத்தியின் எஃப்.டி.ஐ.ஆர். நிறமாலைக்கும், 3-ஐ வலப்பத்தியின் இயக்கவியல் வரைபடத்துக்கும் போட்டார். செய்முறைப் பெட்டிக்கு வந்தபோது எண் 4.

காரணம் இடைவெளியில் இருந்தது. பத்திகளுக்கு நடுவே 1.5 செ.மீ.; ஒரே பத்தியில் மேல்பெட்டிக்கும் கீழ்பெட்டிக்கும் நடுவே 3 செ.மீ. எது கிட்டே இருக்கிறதோ அதற்குத்தான் கண் தாவும். அதற்கு மேல், மூன்று பத்திகளிலும் பெட்டிகளின் அடிவிளிம்பு ஒரே மட்டத்தில் முடிந்ததால், பக்கம் முழுவதும் கிடைவரிசைகளாகத் தெரிந்தது. அழகுக்காக மட்டம் பார்த்து வைத்ததுதான் வழியை மாற்றியது. பத்திகளுக்கு இடையே 4 செ.மீ., பெட்டிகளுக்கு இடையே 2 செ.மீ. என்று புரட்டி, பெட்டிகளின் அடிமட்டம் பக்கத்துப் பத்தியோடு சேராதபடி உயரங்களை மாற்றினோம். இன்னொரு துறை மாணவரிடம் புதிய பிரதியைக் கொடுத்தபோது எண்கள் பத்தி வழியே இறங்கின. அம்புக்குறி எதுவும் தேவைப்படவில்லை. அம்பு போட்டுத்தான் வழி காட்ட வேண்டியிருந்தால் இடைவெளி இன்னும் சரியாகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை வலப்பத்தியின் அடியில் இருந்தது. 6 அடிப் பலகையின் மேல்விளிம்பை ஒட்டி ஏ0 தாளை நெடுக்காக ஒட்டினால், அடிவிளிம்பு தரையிலிருந்து 64 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். கண் 1.5 மீட்டர் உயரத்தில், ஆள் 1.5 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று கணக்கிட்டால், அடிவரிக்கு உள்ள நேர்த்தூரம் 1.73 மீட்டர், பார்வையும் சாய்வாக விழுகிறது. இரண்டும் சேர்ந்து எழுத்தின் தோற்ற உயரம் ஏறத்தாழ கால்பங்கு குறைகிறது. முன்னால் நிற்பவரின் கைப்பையும் முழங்கையும் மறைப்பது தனி. ஆகவே முடிவை மேலே கொண்டுபோய், தலைப்புக்கு அடியில் பக்கத்தின் முழு அகலத்துக்கு 48 பாயின்டில் வைத்தோம்: பி.எச். 2 அளவில்தான் கரி அதிகக் குரோமியத்தைப் பிடிக்கிறது, நடுநிலை நீரில் மிகக் குறைவு. அடியில் 30 செ.மீ. பகுதியில் நன்றியுரையும் நிதி விவரமும் மின்னஞ்சலும் மட்டும்.

1150 சொற்கள்

எழுத்தைப் பெரிதாக்கினால் இடம் போதாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏ0 அகலத்தில் ஓரம் 2 செ.மீ., பத்தி இடைவெளி 4 செ.மீ. போக ஒரு பத்தி 24 செ.மீ. ஏரியல் 30 பாயின்டில் ஒரு வரியில் சுமார் 45 எழுத்து, ஏழு சொல். வரிக்கு வரி 12.7 மி.மீ. தலைப்புக்கும் முடிவுக்கும் இடம் விட்டபின் மூன்று பத்திகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 285 செ.மீ. அப்படியானால் 1150 சொற்களுக்கு 164 வரி, 209 செ.மீ. மீதியில் நாலு படம் நுழையாது. 390 சொற்களாகக் குறைத்தால் 56 வரி, 71 செ.மீ.; நான்கில் மூன்று பங்கு இடம் படங்களுக்குக் கிடைக்கிறது. முதல் பிரதியில் 24 பாயின்ட் டைம்ஸ் வந்ததற்குக் காரணமே இந்த 1150-தான். சொல்லைக் குறைக்காமல் அளவைத் திருத்த வழியில்லை.

சொல்லெண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. வரைபடத்தின் அச்சு எண்களையும் `pdftotext` சொல்லாக எண்ணும். எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிய கோப்பில் சுழியம் காட்டும். தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கவுரை முதலில் போனது. அது மாநாட்டு மலரில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். போஸ்டரே ஒரு சுருக்கம்தான். அதில் மட்டும் 240 சொற்கள். செய்முறைப் பத்தியை ஐந்து கட்டங்கள் கொண்ட கிடைப்படமாக மாற்றினோம். கரியின் எடை, கரைசலின் கன அளவு, குலுக்கிய நேரம் ஆகியவை கட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. எட்டு வரிசை அட்டவணை ஒன்று பி.எச். வரைபடத்தில் இருந்த அதே எண்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டோம். ஆய்வாளர்கள் விட மனமில்லாமல் தயங்கியது முன்னுரையைத்தான். குரோமியத்தின் நச்சுத்தன்மை பற்றிய ஒரு முழுப் பத்தி அங்கே இருந்தது. அந்த மாநாட்டுக்கு வருபவர்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் ஒரு வாக்கியம் போதும் என்று முடிவானது.

தமிழில் போஸ்டர் செய்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். தூரத்தில் முதலில் கலங்குவது அதுவே. மெய்யெழுத்தின் புள்ளியும் சீக்கிரம் மறைந்துவிடும். அதே தூரத்துக்குக் கால்பங்காவது கூடுதல் அளவும், சற்றுத் தாராளமான வரி இடைவெளியும் வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் ஒரு வரியில் ஏழு சொல் வராது, நாலைந்துதான் வரும். 200 சொல் தமிழ் உரையே ஒரு போஸ்டருக்கு நிறைவானது.

அசல் அளவில் ஒரு துண்டு, பிறகு அச்சு

ஏ4 சோதனையில் தேறியபின், மிகச் சிறிய எழுத்துள்ள பகுதியை மட்டும் அசல் அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். கீழே உள்ள கட்டளை போஸ்டரிலிருந்து ஏ4 அளவுள்ள ஒரு துண்டை வெட்டித் தரும். `-x`, `-y` துண்டின் இடது மேல்மூலை.

```
pdftoppm -r 150 -x 1800 -y 2600 -W 1240 -H 1754 -png poster.pdf tile
```

வராந்தாவின் தரையில் 1.5 மீட்டரில் மறைப்பு நாடாவால் ஒரு கோடு. மாநாட்டு மண்டபத்தைப் போலவே டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சன்னல் வெயிலில் எல்லாமே தெளிவாகத் தெரியும். இங்கே பிடிபட்டது ஒன்றுதான்: சாம்பல் நிறத்தில் இருந்த பட விளக்கங்கள் ஏ4 தாளில் நன்றாகத் தெரிந்தன, சுவரில் மங்கின. கறுப்பாக்கினோம்.

அச்சுக்கடையில் சதுர அடிக் கணக்கு. ஏ0 ஏறத்தாழ 10.8 சதுர அடி. பல கடைகளில் 3 × 4 அடிதான் வழக்கமான அளவு என்பதால், கேட்காமலேயே அதற்கு இழுத்துவிடுவார்கள். அகலம் 8.7 சதவீதமும் உயரம் 2.5 சதவீதமும் கூடி, வட்டப் புள்ளிகள் நீள்வட்டமாகும். இதைக் கண்டுபிடிக்க, போஸ்டரின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. நீளத்தில் கிடையாக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் மெல்லிய கோடு வைத்தோம். அச்சானதும் அளவுகோலை வைத்தால் கிடைக்கோடு 10.9 காட்டுகிறதா 10 காட்டுகிறதா என்று கடையிலேயே தெரிந்துவிடும். ஃபிளெக்ஸ் மலிவு, மழைக்குத் தாங்கும். ஆனால் தெருவோரப் பேனருக்கான அச்சு என்பதால் மெல்லிய கோடும் கீழ்க்குறி எண்களும் கரகரப்பாக விழும், டியூப்லைட் பட்டுப் பளபளக்கும். மேட் தாளே நல்லது. கோப்பை பி.டி.எஃப். ஆகத்தான் கொடுக்க வேண்டும். பவர்பாயிண்ட் கோப்பைக் கடைக் கணினியில் திறந்தால் எழுத்துரு மாறி வரிகள் ஓடிவிடும். தமிழ் இருந்தால், கடைக்காரர் அதைக் கோரல்டிராவில் திறந்து சேமிக்காமல் நேராக அச்சுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாற வாய்ப்பு உண்டு.

எஃப்.டி.ஐ.ஆர். நிறமாலையை மட்டும் கடைசிவரை 1.5 மீட்டருக்குக் கொண்டுவர முடியவில்லை. பத்துக்கும் மேற்பட்ட உச்சிகளுக்கு அலை எண் போட்டால் 28 பாயின்டில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன. குரோமியம் ஒட்டிய பிறகு நகர்ந்த மூன்று உச்சிகளுக்கு மட்டும் எண் வைத்துவிட்டு, முழு நிறமாலையை ஏ4 தாளில் அச்சடித்துப் பலகையின் ஓரத்தில் உறையில் செருகினோம்.